தொப்புள்கொடி அடியில் ஈரம், லேசான வாடை: பொறுத்திருக்கலாமா, டாக்டரிடம் போக வேண்டுமா?

பவானி_அம்மு | செவ்வாய், காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். பாப்பா பிறந்து இன்றைக்கு ஆறாவது நாள். சுகப்பிரசவம், எடை 2.9 கிலோ, தாய்ப்பால் மட்டும்தான். கொடியில் எதுவும் தடவ வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

கொடியின் நுனி கறுத்துக் காய்ந்து முருங்கைக்குச்சி போல ஆகிவிட்டது. பிளாஸ்டிக் கிளிப் இன்னும் அதில்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி மட்டும் காயவில்லை. மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது, முகர்ந்து பார்த்தால் லேசாக ஒரு வாடை. சுற்றியுள்ள தோல் வயிற்றின் மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கிறது. பாப்பா நன்றாகக் குடிக்கிறாள், தூங்குகிறாள்.

அத்தை விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டால் இரண்டு நாளில் விழுந்துவிடும் என்கிறார். நாத்தனார் வசம்பு சுட்டு உரசிப் போடச் சொல்கிறார். மெடிக்கல் கடையில் கேட்டால் ஒரு பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த மஞ்சள் சீழா, இல்லை இப்படித்தான் இருக்குமா?

---

கரூர்_செந்தில் | செவ்வாய், காலை 10:48

தங்கச்சி, பயப்படாதீங்க. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து அடிப்பகுதியைத் துடைத்து விடுங்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்போது டாக்டர் சொல்லித்தான் செய்தோம். கிருமி இருந்தால்தானே வாடை வரும்? கிருமி செத்தால் ஈரமும் காய்ந்துவிடும். எண்ணெய், மஞ்சள் எல்லாம் வேண்டவே வேண்டாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் டயப்பர் கொடியின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைக் கீழே மடித்து விட வேண்டும்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | செவ்வாய், மதியம் 1:15

அம்மு, நான் அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது இயல்பாகவே படுகிறது. அதை எப்படி உறுதி செய்துகொள்வது என்று சொல்கிறேன்.

கொடி வெறுமனே காய்ந்து உதிர்வதில்லை. அடிப்பகுதியில் வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து, உயிருள்ள தோலுக்கும் செத்த கொடிக்கும் நடுவே இருப்பதைக் கரைத்து விடுகின்றன. அப்படிக் கரையும் இடம் ஈரமாகத்தான் இருக்கும், மஞ்சளாகக் கொஞ்சம் பிசுபிசுக்கும். செத்த சதை என்பதால் லேசான வாடையும் இருக்கும். நம் தோலில் எப்போதும் இருக்கும் சாதாரணக் கிருமிகளுக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. அதனால்தான் ஸ்பிரிட்டைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் கொன்றால் கொடி விழுவது தள்ளிப்போகிறது. செந்தில் தம்பி சொன்னதில் டயப்பரை மடிப்பதும், எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம் என்பதும் சரி. ஸ்பிரிட் ஒரு காலத்தில் நாங்களே வார்டில் செய்ததுதான், பிறகு நிறுத்திவிட்டோம். குறைமாதக் குழந்தைகளின் தோலை அது புண்ணாக்கியும் விடும்.

இப்போது சோதனை. கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பருத்தித் துணியின் நுனியை நனைத்துப் பிழிந்து, கொடியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அடியில் சுற்றிவரத் துடை. கொடியைத் தொட்டால் குழந்தைக்கு வலிக்காது, அதில் நரம்பு கிடையாது. ஈரம் போக உலர்ந்த துணியால் ஒற்றி எடு. பிறகு ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் தோலைப் பார். மஞ்சள் பிசின் துடைத்ததும் போய், அடியில் தோல் சாதாரண நிறத்தில் இருந்தால் சரி. துடைத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி ஊறிக்கொண்டு வந்தால், அல்லது கொடியை விட்டுச் சுற்றியுள்ள தோல் சிவந்திருந்தால், அது வேறு கதை.

நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரியலாம். அந்தத் தோல் இழுத்துப் பிடித்தது போல மினுமினுக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் வயிற்றின் மற்ற இடத்தைவிடச் சுடும். லேசாக அழுத்தினால் கெட்டியாக இருக்கும், குழந்தை முகத்தைச் சுளித்து அழும். ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதே.

---

திருச்சி_லட்சுமி | செவ்வாய், மதியம் 2:40

நான் நாலு பிள்ளை பெற்றவள். நாலுக்கும் வசம்பும் விளக்கெண்ணெயும்தான். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊர் மருத்துவச்சி கை பட்ட பிள்ளைகள் எல்லாம் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். எதையும் போடாதே என்றால் அந்த ஈரம் எப்படிக் காயும்? பெரியவர்கள் காரணம் இல்லாமலா வைத்தார்கள்? உன் அத்தையைத் தட்டிப் பேசாதே அம்மா, அந்த வீட்டில் நீ இருக்கணும்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | செவ்வாய், மதியம் 3:30

லட்சுமி அம்மா, உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அம்முவின் அத்தையும் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டில் பார்த்த குழந்தைகளை என்னால் மறக்க முடியவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு ஒரு நாள் வாயே திறக்க முடியாமல் தாடை இறுகி வரும். கதவு சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக விறைக்கும். தொப்புளில் சாம்பலோ சாணமோ இருக்கும், அல்லது வீட்டில் இருந்த பிளேடால் கொடியை வெட்டியிருப்பார்கள். அது பச்சிளம் குழந்தைக்கு வரும் டெட்டனஸ்.

இன்று அது அரிது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இந்தியாவில் தாய், சேய் டெட்டனஸ் ஒழிந்த நிலைக்கு வந்துவிட்டது என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஆனால் அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

வசம்பையும் விளக்கெண்ணெயையும் சாணத்தோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் உரசும் கல் சுத்தமா, எண்ணெய் எத்தனை நாள் திறந்திருந்தது, மஞ்சளில் என்ன கலப்படம் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது, காய விடுவதில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மஞ்சளோ கரியோ பூசிய தொப்புளில் சிவப்பு வந்தாலும் தெரியாது, சீழ் வந்தாலும் தெரியாது. அம்மு, உன் அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்: "நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் எதையும் பூச வேண்டாம் அத்தை." வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லி வை. வெளியாள் சொன்னால் சில வீடுகளில் எடுபடும்.

---

சலீமா_மதுரை | செவ்வாய், மாலை 5:05

எங்கள் பையனுக்கும் இதே தொப்புள் பிரச்சினைதான் அம்மு. அழும்போது எலுமிச்சை அளவுக்கு வெளியே துருத்தும். மாமா ஒரு ரூபாய்க் காசைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக் கட்டினார். ஆறு மாதம் கட்டினோம், அப்புறம் சரியாகிவிட்டது. உங்கள் பாப்பாவுக்கும் கட்டிப் பாருங்கள்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | செவ்வாய், மாலை 5:50

சலீமா, நீங்கள் சொல்வது தொப்புள் குடலிறக்கம். அம்முவின் கேள்வி வேறு, அவள் பாப்பாவுக்கு இன்னும் கொடியே விழவில்லை. இந்த நேரத்தில் காசு வைத்துக் கட்டினால் ஈரமும் அழுக்கும் உள்ளேயே தங்கிவிடும். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். உங்கள் பையனுக்கு அது காசினால் சரியாகவில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். துருத்தியது கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தியும் எடுத்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

---

லெஸ்டர்_ரேவதி | செவ்வாய், இரவு 9:10

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே பிரசவம் முடிந்ததும் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். எனக்கும் அதே அறிவுரைதான்: வெறும் தண்ணீர், நன்றாகத் துடைத்து உலர விடு, வேறு எதுவும் வேண்டாம். ஒன்றில் மட்டும் வித்தியாசம். கொடி விழும் முன்பே குழந்தையைத் தண்ணீரில் குளிப்பாட்டலாம் என்றார், நானும் குளிப்பாட்டினேன். ஊரில் அம்மா போனில் கேட்டுவிட்டு அழாத குறை. மேரி அக்கா, எது சரி?

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | செவ்வாய், இரவு 9:45

ரேவதி, இதில் டாக்டர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. சுத்தமான தண்ணீர், சுத்தமான தொட்டி, குளித்ததும் அடிவரை துடைத்து உலர்த்துவது, இந்த மூன்றும் இருந்தால் குளிப்பாட்டுவதால் மட்டும் கெடுதல் வந்துவிடாது. நான் வார்டில் தாய்மார்களிடம் கொடி விழும் வரை துணி நனைத்துத் துடைத்தால் போதும் என்றுதான் சொல்வேன். நம் வீடுகளில் குளியல் என்றால் கால் மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, கடலைமாவு, பயத்தமாவு என்று போகும். அந்த மாவும் எண்ணெயும் கொடியடியில் போய் உட்காரும். என் பயம் தண்ணீரைப் பற்றியது அல்ல, மாவைப் பற்றியது.

---

தஞ்சை_குமரன் | புதன், காலை 7:30

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு ஒன்பதாவது நாளில் தொப்புள் தொற்று வந்தது. முந்தின நாள் மாலை கொடியைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி சிவப்பு, அரை விரல் அகலம்கூட இருக்காது. டயப்பர் உரசியிருக்கும் என்று நினைத்தோம். காலையில் அது தொப்புளுக்கு மேலே வயிற்றுப் பக்கம் ஏறியிருந்தது. மனைவி ஒன்று கவனித்தாள்: இரவு பால் குடிக்க அவனாக எழவே இல்லை. எழுப்பி மார்பில் வைத்தால் இரண்டு சப்பு சப்பிவிட்டுத் தூங்கிப்போனான். காய்ச்சல் இல்லை. உடம்பு சொல்லப்போனால் கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.

காய்ச்சல் இல்லையே என்று நாங்கள் சொன்னதும் டாக்டர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் சூடு குறைந்தாலும் அதே அர்த்தம்தான்." அன்றே அட்மிட் செய்து, ரத்தம் எடுத்து, ஊசி ஆரம்பித்தார்கள். வயிற்றில் ஸ்கேனும் எடுத்தார்கள். தொப்புளில் இருந்து ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியே தொற்று உள்ளே போகலாம், அங்கே ரத்தம் உறையலாம் என்று விளக்கினார். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நலமாக இருக்கிறான். ஈரலுக்குப் போகும் குழாயை மட்டும் அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அடைபட்டால் பல வருடம் கழித்து ரத்த வாந்தியாகக்கூட வருமாம்.

---

பவானி_அம்மு | புதன், இரவு 8:40

மேரி அக்கா, அவசரம். நேற்று நீங்கள் சொன்னபடி துடைத்துப் பார்த்தேன், தோல் சாதாரணமாக இருந்தது. இன்று காலையும் அப்படித்தான். சாயங்காலம் துணி மாற்றும்போது தொப்புளின் மேல்பக்கம் பிறை போலச் சிவப்பு. இப்போது பார்த்தால் அது சுற்றிவர வந்துவிட்டது, மேலே ஒரு விரல் அகலம் இருக்கும். தொட்டால் அழுகிறாள். வாடை நேற்றைவிட அதிகம். துடைத்தால் மறுபடி மறுபடி மஞ்சளாக வருகிறது. கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்ததில் 98.8. பால் குடிக்கிறாள், ஆனால் சாயங்காலத்தில் இருந்து கொஞ்சம் மந்தம். காலையில் போனால் போதுமா?

---

கரூர்_செந்தில் | புதன், இரவு 8:52

அம்மு, பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். காலை வரை கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். காய்ச்சல் இல்லை, பாலும் குடிக்கிறாள், இந்த ராத்திரியில் அலைய வேண்டாம் என்று நினைக்கிறேன்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | புதன், இரவு 8:58

வேண்டாம். காலை வரை காத்திருக்கக் கூடாது. அம்மு, இப்போதே கிளம்பு.

சிவப்பு கொடியை விட்டுத் தோலில் ஏறிவிட்டது, சில மணி நேரத்தில் பரவியிருக்கிறது, தொட்டால் வலி, குழந்தை மந்தம். இதற்கு மேல் எதையும் எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை. கோடு போடுவது நல்ல யோசனைதான், பால்பாயிண்ட் பேனாவால் போட்டுப் பக்கத்தில் நேரத்தையும் எழுது. ஆனால் அது டாக்டர் பார்ப்பதற்காக, நீங்கள் வீட்டில் இருந்து பார்ப்பதற்காக இல்லை. தோலுக்கு அடியில் தொற்று ஓடும் வேகம் சில குழந்தைகளில் பயங்கரமாக இருக்கும். மாலையில் வளையமாக இருந்தது விடிவதற்குள் வயிறு முழுக்கப் பரவி ஊதா நிறமானதை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சிளம் குழந்தைகள் பிரிவு இருக்கும் இடத்துக்குப் போ, அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை. பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து வாங்கி நேரத்தைப் போக்காதே. வண்டி இல்லையென்றால் 108. வழியில் பால் கொடுத்துக்கொண்டே போ, குழந்தையை உன் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொள், சூடு இறங்கக் கூடாது. தொப்புளில் எதையும் தடவாதே. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள். கடைசியாக எப்போது பால் குடித்தாள், எப்போது சிறுநீர் போனாள் என்று கேட்பார்கள், நினைவு வைத்துக்கொள்.

---

பவானி_அம்மு | புதன், இரவு 9:04

கிளம்பிட்டோம்.

---

தஞ்சை_குமரன் | புதன், இரவு 11:30

அம்மு, முடிந்தபோது ஒரு வரி போடு தாயி. நாங்கள் எல்லோரும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

---

பவானி_அம்மு | வியாழன், காலை 6:15

அட்மிட் செய்துவிட்டார்கள். தொப்புள் தொற்றுதான். போய்ச் சேர்ந்தபோதே சிவப்பு பேனாக் கோட்டை மேல்பக்கம் தாண்டியிருந்தது. டாக்டர் முதலில் பார்த்ததே அந்தக் கோட்டையும் நேரத்தையும்தான். தொப்புளில் இருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று இரண்டு விதமான ஆன்டிபயாட்டிக் நரம்பு ஊசியில் ஆரம்பித்துவிட்டார்கள். சர்க்கரை அளவு பார்த்தார்கள், சரியாக இருந்தது. அங்கே எடுத்தபோது சூடு 99.9.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டுப் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். அத்தை வெளியே பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

---

திருச்சி_லட்சுமி | வியாழன், காலை 7:00

சமயபுரத்தாள் காப்பாற்றுவாள். நீ சாப்பிடு அம்மா, பால் ஊறணும். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ஒன்றுமே தடவாமல் சுத்தமாக வைத்திருந்த பிள்ளைக்கு ஏன் இது வந்தது?

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | வியாழன், காலை 9:20

நல்ல செய்தி அம்மு. சரியான நேரத்தில் போய்விட்டீர்கள்.

லட்சுமி அம்மா, நியாயமான கேள்வி. சுத்தமாக வைத்தால் தொற்று வருவது மிகவும் குறையும், வரவே வராது என்று சொல்ல முடியாது. தோலில் இருக்கும் கிருமி, பார்க்க வந்தவர்களின் கை, பிரசவத்தின்போதே பட்ட கிருமி, எது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. எடை குறைந்த குழந்தைகளுக்கும், பனிக்குடம் உடைந்து வெகுநேரம் கழித்துப் பிறந்தவர்களுக்கும் கூடுதலாக வரும். அம்முவின் பாப்பாவுக்கு இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

---

கரூர்_செந்தில் | வியாழன், காலை 10:05

பாப்பா சீக்கிரம் நலமாகட்டும். மேரி அக்கா, ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நேபாளத்தில் பிறந்த குழந்தைகளின் தொப்புளுக்கு என்று அரசாங்கமே ஒரு களிம்பு கொடுக்கிறது, குழந்தை இறப்பு குறைந்தது என்று படித்தேன். குளோர்ஹெக்சிடின். அப்படியென்றால் கிருமிநாசினி போடுவது சரிதானே? நம் ஊரில் மட்டும் ஏன் எதுவும் வேண்டாம் என்கிறார்கள்?

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | வியாழன், மதியம் 12:40

படித்தது உண்மைதான் தம்பி. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது, பங்களாதேஷிலும் பாகிஸ்தானிலும் தெரிந்தது. அங்கெல்லாம் அப்போது பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். பிறகு ஜாம்பியாவிலும், தான்சானியாவின் பெம்பா தீவிலும் செய்து பார்த்தபோது இறப்பு குறையவில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது இதுதான்: பொதுவாகக் கொடியைச் சுத்தமாக, உலர்வாக வைத்தால் போதும். சாணம் போன்ற கெடுதலான பொருட்களைத் தொப்புளில் வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் மட்டும் முதல் வாரம் தினமும் குளோர்ஹெக்சிடின் போடலாம்.

அந்த மருந்திலும் ஓர் ஆபத்து உண்டு. குப்பி கண் சொட்டு மருந்து போல இருப்பதால் ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் குழந்தைகளின் கண்ணில் ஊற்றி, கண்ணே பாதிக்கப்பட்டது. 2019ல் அதற்கென்று எச்சரிக்கை விட்டார்கள். வீட்டில் என்ன வாங்கி வைத்தாலும் இதை யோசிக்க வேண்டும்.

இங்கே சில தனியார் டாக்டர்கள் இன்னும் ஆன்டிபயாட்டிக் பவுடர் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்கள் எழுதினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஏன் என்று அவர்களையே கேட்கச் சொல்வேன். கடையில் தானாக வாங்கிப் போடுவது வேறு. அது அடியில் கட்டியாகி, கீழே நடப்பதை மறைத்துவிடும்.

---

லெஸ்டர்_ரேவதி | வியாழன், மாலை 4:30

பவுடர் விஷயத்தில் எனக்கு மேரி அக்காவைவிடக் கொஞ்சம் கடுமையான கருத்து. நலமாக உள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதினாலும் நான் போட மாட்டேன். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை முதல் வாரமே ஏன் தொடங்க வேண்டும்?

---

தஞ்சை_குமரன் | வியாழன், மாலை 5:10

ஊரில் இருந்து பார்த்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை ரேவதி. டாக்டர் எழுதியதைப் போடாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் வீடே பெண்ணைத்தான் குறை சொல்லும்.

---

பவானி_அம்மு | ஞாயிறு, காலை 11:00

சிவப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. பேனாக் கோட்டுக்கு உள்ளே வெகுவாக இறங்கிவிட்டது, தோல் மென்மையாக இருக்கிறது. சூடு இயல்பு. ரத்தத்தில் கிருமி வளரவில்லை, தொப்புளில் எடுத்ததில் மட்டும் வளர்ந்திருக்கிறது. நாங்கள் போட்டுக்கொண்டிருக்கும் ஊசிக்கே அது கட்டுப்படும் என்றார்கள். ஸ்கேனில் குழாய் சரியாக இருக்கிறது. ஊசியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

---

பவானி_அம்மு | அடுத்தடுத்த வாரம், வெள்ளி, மாலை 6:20

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்கு வந்துவிட்டோம், எடையும் ஏறுகிறது. கொடி விழுந்துவிட்டது. விழுந்த அன்று துணியில் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது, பிறகு வரவில்லை. இப்போது புதிதாக ஒன்று. தொப்புளுக்கு உள்ளே மிளகு அளவுக்கு ரோஸ் நிறத்தில் ஈரமான ஒரு சதை. சுற்றிச் சிவப்பு இல்லை, தொட்டால் அழவில்லை, நன்றாகக் குடிக்கிறாள். செவ்வாய்க்கிழமை செக்கப் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? பக்கத்து வீட்டில் உப்பு வைக்கச் சொல்கிறார்கள்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | வெள்ளி, இரவு 7:45

துணியில் படும் அந்த இரண்டு சொட்டு ரத்தம் இயல்பு. நிற்காமல் வடிந்தால்தான் கவலை. அந்தச் சதை பெரும்பாலும் கொடி விழுந்த இடத்தில் ஆறும்போது கூடுதலாக வளர்ந்ததாக இருக்கும். சிவப்பு இல்லை, நன்றாகக் குடிக்கிறாள் என்றால் செவ்வாய் வரை பொறுக்கலாம்.

பக்கத்து வீட்டில் சொல்வதும் பொய் இல்லை. சமையல் உப்பைக் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதை டாக்டர்களே சொல்வது உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி அந்தச் சதையைச் சுருக்கிவிடும். ஆனால் டாக்டர் ஒருமுறை பார்த்து, அது அதுதான் என்று சொன்ன பிறகே செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டு. ஏனென்றால் அதே இடத்தில் அதே போலத் தெரியும் வேறு இரண்டு உண்டு. சிறுநீர்ப்பையில் இருந்து தொப்புளுக்கு வரும் பாதை மூடாமல் இருந்தால் தெளிந்த தண்ணீர் மாதிரி விடாமல் கசியும். குடலில் இருந்து வரும் பாதை மூடாமல் இருந்தால் மலம் போன்ற நிறமும் வாடையும் இருக்கும். அவற்றுக்கு உப்பு பயன்படாது, அறுவை சிகிச்சை டாக்டர் பார்க்க வேண்டும்.

செவ்வாய் வரை ஒரு வெள்ளைத் துணியைத் தொப்புளின் மேல் வைத்துப் பார். குழந்தை சிறுநீர் போகும்போது அந்தத் துணி நனைகிறதா, நிறம் என்ன என்று கவனித்துப் போய்ச் சொல். டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

---

சலீமா_மதுரை | வெள்ளி, இரவு 8:30

மேரி அக்கா, என் தங்கை பையனுக்கு இருபத்து நாலு நாள் ஆகிறது, கொடி இன்னும் விழவில்லை. சிசேரியன் பிள்ளை. சிவப்பு, வாடை எதுவும் இல்லை. ஸ்பிரிட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_மேரி | வெள்ளி, இரவு 9:00

முதலில் ஸ்பிரிட்டை நிறுத்தச் சொல்லுங்கள். சிசேரியன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் விழும், ஸ்பிரிட் போட்டால் இன்னும் தள்ளும். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். இருந்தாலும் மூன்று வாரம் தாண்டிவிட்டதால் இந்த வாரமே ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டட்டும், அவசரமாக ஓட வேண்டியதில்லை. வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாத ஒரு குறைபாடு மிக அரிதாக உண்டு. அதில் கொடி விழவே நாளாகும், திரும்பத் திரும்பத் தொற்றும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை போதுமா, அதுவும் தேவையில்லையா என்று அவர் பார்த்துச் சொல்வார். எந்தக் காரணத்துக்காகவும் கொடியைத் திருகியோ இழுத்தோ எடுக்க வேண்டாம், ஒரு நூலில் தொங்கினாலும் சரி.